தட்டைத் தட்டினால் திரும்புகிறாள்

பாட்டி எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் ஒரு தட்டு தட்டுகிறார். பாயில் கிடக்கும் ஏழு மாதக் குழந்தை சட்டென்று தலையைத் திருப்புகிறது. "பாத்தியாம்மா, காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. புரியத்தான் கொஞ்சம் நாளாகும்" என்று மருமகளிடம் சொல்கிறார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை இருக்கும் எத்தனையோ வீடுகளில் இந்தச் சோதனை நடக்கிறது. பாட்டியின் அக்கறையில் குறை ஒன்றும் இல்லை. குறை தட்டில் இருக்கிறது. பக்கத்தில் வைத்துத் தட்டும் எவர்சில்வர் தட்டின் ஓசை 80, 90 டெசிபலைக்கூடத் தொடும். எதிரெதிரே உட்கார்ந்து நாம் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். காதோரம் கிசுகிசுப்பது 30 டெசிபல். ஆகவே 40 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்துபோன குழந்தையும் தட்டுச் சத்தத்துக்குத் திரும்பும். கதவு அறைந்தால் திடுக்கிடும், பட்டாசு வெடித்தால் அழும். பேச்சு மட்டும் அதன் காதில் சரியாக விழாது.

அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, இரண்டு காதிலும் விரலை அழுத்தி அடைத்துக்கொண்டு வீட்டில் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். யார் என்பதும் தெரியும். ஆனால் என்ன சொன்னார்கள் என்பதை முன்பின் சேர்த்து ஊகித்துத்தான் பிடிக்க வேண்டும். நமக்கு மொழி ஏற்கெனவே தெரியும் என்பதால் ஊகிக்க முடிகிறது. இனிமேல்தான் மொழியைக் கற்க வேண்டிய குழந்தை எதை வைத்து ஊகிக்கும்?

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. நம் மொழியின் இலக்கணம் பெரும்பாலும் சொல்லின் வாலில் இருக்கிறது. வீட்டுக்கு, வீட்டுல, வீட்டோட என்று கடைசியில் ஒட்டுவதுதான் பொருளை மாற்றுகிறது. பேச்சில் 'வந்தான்' என்பதன் கடைசி 'ன்'னை நாம் முழுதாக உச்சரிப்பதில்லை, மூக்கால் லேசாக இழுத்து நிறுத்திவிடுகிறோம். 'வந்தாள்' என்பதில் 'ள்' இருந்த இடமே தெரியாது. அண்ணன் வந்தானா அக்கா வந்தாளா என்று பிரித்தறியக் காதுக்குக் கிடைக்கும் ஒரே துப்பு அந்த மெல்லிய மூக்கொலி. விரலால் அடைத்த காதில் முதலில் காணாமல் போவதும் இப்படிப்பட்ட ஒலிதான். இரண்டு வயதில் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்ட குழந்தையைப் பார்த்து "டவுன் சிண்ட்ரோம்னா அப்படித்தான், பேச்சு மெதுவாத்தான் வரும்" என்று சொல்லிவிடுகிறோம். பேச்சு மெதுவாக வருவது உண்மைதான். ஆனால் அந்தத் தாமதத்தில் எவ்வளவு மூளை சார்ந்தது, எவ்வளவு காது சார்ந்தது என்று யாரும் பிரித்துப் பார்க்காமலே மொத்தத்தையும் சிண்ட்ரோமின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மூளை சார்ந்ததற்குப் பொறுமையான பயிற்சி வேண்டும். காது சார்ந்ததைப் பெரும்பாலும் இன்றே சரிசெய்யலாம்.

இது அரிதாக வரும் தொல்லையும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் நான்கில் மூன்று பேர் வரைக்கும் ஏதோ ஓர் அளவில் கேட்கும் குறை இருக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் தன் வழிகாட்டி நெறிகளில் கூறுகிறது. ஒரு சிலருக்குப் பிறவியிலேயே உள்காதில், அதாவது நத்தை வடிவ கோக்லியாவிலோ நரம்பிலோ குறை இருக்கும். பெரும்பாலோருக்குப் பிரச்சினை இருப்பது நடுக்காதில். அது வந்து வந்து போகும், வலிக்காது, வெளியிலும் தெரியாது.

ஏன் இவர்களுக்கு இவ்வளவு அதிகமாக வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முகத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டவுன் சிண்ட்ரோமில் முகத்தின் நடுப்பகுதி, அதாவது மேல்தாடை, மூக்கு, அண்ணம் இருக்கும் பகுதி, சிறியதாக வளர்கிறது. அந்தச் சிறிய இடத்துக்குள்தான் எல்லாம் அடங்கியாக வேண்டும். காதின் வெளிக்குழாய் பல குழந்தைகளுக்கு மிகக் குறுகலாக இருக்கிறது. பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இந்தக் குறுகல் உண்டு. மருத்துவர் சாதாரண விளக்குக் கருவியை வைத்துப் பார்த்தால் செவிப்பறையே கண்ணுக்குப் படாது. கொஞ்சம் குறும்பி சேர்ந்தாலும் அடைத்துக்கொள்ளும்.

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காது காற்று நிறைந்த ஒரு சின்ன அறை. அந்த அறைக்கு ஒரே ஒரு சாளரம்தான் உண்டு: மூக்கின் பின்புறத்துக்குச் செல்லும் யூஸ்டேஷியன் குழாய். நாம் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தின் ஒரு தசை இந்தக் குழாயைத் திறந்துவிடுகிறது. மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'டப்'பென்று திறப்பது இந்தக் குழாயால்தான். டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு இந்தக் குழாய் குறுகல், சுவரும் தளர்ந்தது. திறந்துவிட வேண்டிய தசையும் உடலின் மற்றத் தசைகளைப் போலவே தளர்வானது. கை கால் தொய்ந்து கிடப்பதை எல்லோரும் பார்க்கிறோம். அதே தொய்வு அண்ணத்துக்குள்ளும் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. போதாததற்கு, குழாயின் வாசலிலேயே அடினாய்டு சதை இருக்கிறது. அது பெரிதாக வளராவிட்டாலும், இருக்கும் இடம் சிறியது என்பதால் வாசலை அடைத்துவிடும். நோய் எதிர்ப்புச் சக்தியும் சற்றுக் குறைவு என்பதால் சளி அடிக்கடி பிடிக்கிறது, போக நாளாகிறது.

சாளரம் திறக்காத அறையில் என்ன நடக்கும்? உள்ளே இருக்கும் காற்றை அறையின் சவ்வு உறிஞ்சிவிடுகிறது. அழுத்தம் குறைய, செவிப்பறை உள்ளே இழுபடுகிறது. சவ்விலிருந்து நீர் கசிந்து அறையை நிரப்புகிறது. நாள்பட அந்த நீர் பசைபோல் கெட்டியாகிறது. இதனால்தான் ஆங்கிலத்தில் 'க்ளூ இயர்', பசைக்காது, என்கிறார்கள். காற்றில் துடிக்க வேண்டிய செவிப்பறையும் மூன்று குட்டி எலும்புகளும் பசையில் அமிழ்ந்து கிடக்கின்றன. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் பெரும்பாலும் இல்லை. அதனால் குழந்தை அழுவதில்லை, காதைப் பிடிப்பதும் இல்லை.

இனி ஒரு குழந்தையை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்போம். மருத்துவமனைகளில் வழக்கமாக நடப்பதை ஒருவர் கதையாகக் கோத்திருக்கிறேன். கயல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கயல் பிறந்த மூன்றாம் நாள், வீட்டுக்கு அனுப்பும் முன், காதில் ஒரு சின்ன முனையை வைத்து ஓ.ஏ.இ. சோதனை செய்கிறார்கள். கோக்லியாவின் மயிர்ச்செல்கள் ஒலிக்குப் பதிலாகத் திருப்பி அனுப்பும் மெல்லிய எதிரொலியைப் பதிவுசெய்யும் சோதனை அது. இரண்டு காதிலும் 'பாஸ்' என்று வருகிறது. அம்மா அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்துவைக்கிறார்.

தவறு தொடங்குவது பெரும்பாலும் இந்தச் சீட்டிலிருந்துதான். அது சொல்வது அந்த ஒரு நாளின் செய்தி: அன்று கோக்லியா வேலை செய்தது, அன்று நடுக்காதில் நீர் இல்லை. நான்கு மாதம் கழித்து வரும் சளியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. லேசான குறைகளை ஓ.ஏ.இ. தவறவிடவும் கூடும். அதனால்தான், பிறந்தபோது 'பாஸ்' ஆன டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கும் ஆறாவது மாதத்தில் மறுபடியும் சோதனை வேண்டும் என்று வழிகாட்டி நெறி சொல்கிறது. பிறந்தபோது தேறாத குழந்தை அதுவரையும் காத்திருக்கக் கூடாது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா இல்லையா என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியோ சிகிச்சையோ. இந்த ஒன்று, மூன்று, ஆறு என்ற கணக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் பொது.

கயலுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. பாட்டி தட்டைத் தட்டிப் பார்த்ததும் இந்தச் சமயத்தில்தான். இயன்முறைப் பயிற்சிக்குப் போன இடத்தில் யாரோ சொல்லி, இ.என்.டி. டாக்டரிடம் காட்டுகிறார்கள். காதுக் குழாய் மிகக் குறுகலாக இருக்கிறது, உள்ளே குறும்பி அடைத்திருக்கிறது. மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, மெல்லிய உறிஞ்சு குழாயால் மெதுவாக எடுக்கிறார். அதன் பிறகும் செவிப்பறையின் ஒரு ஓரம்தான் தெரிகிறது. அடுத்து இம்பிடென்ஸ் சோதனை. காதுக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது இது. நல்ல காதில் தாளில் ஒரு மலைமுகடு போன்ற கோடு வரும். கயலுக்கு இரண்டு பக்கமும் தட்டையான கோடு.

தட்டையான கோட்டைப் பார்த்ததும் நீர் என்று முடிவுகட்டிவிட முடியாது. இங்கேதான் அனுபவமுள்ள ஆடியாலஜிஸ்டின் தேவை தெரிகிறது. குறும்பி அடைத்திருந்தாலும் கோடு தட்டையாகவே வரும். குறுகிய குழாயின் சுவரில் கருவியின் முனை முட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே வரும். கோட்டோடு சேர்த்து, குழாயின் கொள்ளளவு என்று ஓர் எண்ணும் வரும். அது வழக்கத்துக்கு மிகக் குறைவாக இருந்தால், அடைப்பா என்று பார்த்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு அந்த எண் இயல்பிலேயே சிறியதாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். குறும்பியை எடுக்காமல் எடுத்த ரிப்போர்ட்டை நம்பி நிம்மதி அடைந்தவர்களும் உண்டு, பயந்துபோனவர்களும் உண்டு. முதலில் காது சுத்தம், பிறகு சோதனை. இந்த வரிசை மாறக் கூடாது.

அடுத்தது பெரா. நெற்றியிலும் காதின் பின்னாலும் சிறு மின்முனைகளை ஒட்டி, தூங்கும் குழந்தையின் காதில் 'டிக் டிக்' என்று ஒலி கொடுத்து, மூளைத்தண்டில் அலை எழுகிறதா என்று பார்க்கும் சோதனை. கயலுக்கு வலது காதில் 45 டெசிபலிலும் இடது காதில் 40 டெசிபலிலும்தான் அலை தெரிகிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சின்ன அதிர்வுக் கருவியைக் காதின் பின் எலும்பில் வைத்து, நடுக்காதைத் தாண்டி நேரே உள்காதுக்கு ஒலியை அனுப்புகிறார்கள். இப்போது 20 டெசிபலிலேயே அலை வருகிறது. விடை கிடைத்துவிட்டது: உள்காதும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, வழியில் பசை மறிக்கிறது. எலும்பு வழியாகவும் அலை வராமல் போயிருந்தால் சிகிச்சையின் பாதையே வேறாகியிருக்கும்.

பெராவுக்குத் தூங்க வைக்க மருந்து கொடுப்பது நம் ஊரில் வழக்கம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கிறது. பலருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடையும் உண்டு. ஆகவே மருந்தை ஊட்டும் முன்னரே எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், குறட்டை இருந்தால் சொல்லுங்கள். முடிந்தவரை பால் குடித்துத் தானாகத் தூங்கும் நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கூட்டிவந்தால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.

பசைக்காது பல குழந்தைகளுக்குச் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். அதனால் உடனே கத்தியை எடுப்பதில்லை, மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள். கயலுக்கு மூன்று மாதம் கழித்தும் அதே தட்டைக் கோடுதான், அதே எண்கள்தான். இப்போது இரண்டு வழிகள் முன்னால் இருக்கின்றன. ஒன்று, செவிப்பறையில் நுண்ணிய கீறல் போட்டு நீரை எடுத்துவிட்டு, கிரோமெட் என்ற குட்டிக் குழாயைப் பொருத்துவது. அடைபட்ட சாளரத்துக்குப் பதிலாக அறைக்கு இன்னொரு பக்கம் துளை போடுவது போல. மற்றொன்று, காது கேட்கும் கருவி.

மற்றக் குழந்தைகளுக்குக் கிரோமெட் எளிய வேலை. இவர்களுக்கு அப்படி இல்லை. குறுகிய குழாய்க்குள் குட்டிக் கருவியைக் கொண்டுபோவதே கடினம். மயக்க மருந்து கொடுப்பதிலும் கவனம் வேண்டும். மூச்சுக்குழாய் சிறியது. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு சிலருக்குத் தளர்ந்திருக்கும் என்பதால், கழுத்தை அதிகம் வளைக்காமல், திருப்பாமல் வேலை செய்ய வேண்டும். போட்ட பிறகும் குழாய் விழுந்துவிடலாம், அடைக்கலாம், காதில் ஒழுக்கு வரலாம். கிரோமெட் வழக்கமாகவே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தானாக வெளியே வந்துவிடும். ஆனால் இவர்களின் யூஸ்டேஷியன் குழாய் அதற்குள் வளர்ந்து சரியாகிவிடுவதில்லை, அதனால் நீர் மறுபடியும் சேர்கிறது. இரண்டு மூன்று முறை போட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தக் காரணங்களால்தான் பிரிட்டனின் மருத்துவ நெறிகள் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் பசைக்காதுக்குக் கருவியை ஒரு முக்கியமான வழியாகவே முன்வைக்கின்றன. கிரோமெட் கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. இரண்டையும் பற்றி டாக்டரோடு பேசி முடிவெடுங்கள் என்பதுதான் பொருள். "ஆபரேஷன் வேண்டாம்னுட்டாங்க" என்று வீடு திரும்பிவிட்டு, கருவியும் போடாமல் இருப்பதுதான் மிகப் பெரிய இழப்பு.

கயலுக்குத் தலையில் கட்டும் மெத்தென்ற பட்டையில் பொருத்திய, எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் கருவி கொடுக்கிறார்கள். காதுக்குள் எதுவும் நுழைவதில்லை. நீர் கூடினாலும் குறைந்தாலும் ஒலி போய்ச் சேரும். இதன் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரணக் கருவியும் பயன்படும். ஆனால் இந்தக் குழந்தைகளின் காது மடல் சிறியது, மென்மையானது, கருவி சாய்ந்து விழும். அச்சு எடுத்துச் செய்யும் காது மோல்டையும் குழந்தை வளர வளர மாற்ற வேண்டும். முதல் வாரம் கயல் பட்டையைப் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறாள். சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம், பிறகு பாட்டு கேட்கும்போது அரை மணி நேரம் என்று பழக்குகிறார்கள். ஒரு மாதத்தில் அவளே பட்டையை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டுகிறாள்.

இதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை. குழந்தையின் நடத்தையை வைத்துக் கேட்கும் திறனை அளக்கும் சோதனை ஒன்று, இம்பிடென்ஸ் ஒன்று. குழாய் குறுகலாக இருக்கும்வரை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இ.என்.டி. டாக்டரின் மைக்ராஸ்கோப்பில் சுத்தமும் பார்வையும். மூன்று வயதை நெருங்கும்போது குழாய் பெரும்பாலும் அகலமாகிவிடும். இந்த ஆறு மாத ஓட்டத்தை எப்போது நிறுத்தலாம் என்பதற்கு விடை வயதில் இல்லை, ஓர் அளவில் இருக்கிறது: ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதித்து, இரண்டும் நன்றாகக் கேட்கிறது என்று எழுத்தில் வந்த பிறகுதான். பலருக்கு அதற்கு நான்கு வயதாகிவிடும், சிலருக்கு அதற்கும் மேல். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை.

"தனித்தனியே" என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? கயலின் கதையிலேயே அது வருகிறது. இரண்டரை வயதில் குழாய் கொஞ்சம் அகலமாகிவிட்டது. இதய டாக்டரின் சம்மதமும் வாங்கி, அடினாய்டை எடுத்து, இரண்டு காதிலும் கிரோமெட் போட்டார்கள். கருவியைக் கழற்றிவைத்தார்கள். ஆறு மாதம் கழித்து வந்தபோது, ஸ்பீக்கரில் ஒலி கொடுத்து, ஒலி வந்த பக்கம் அவள் திரும்பினால் விளக்கெரியும் பொம்மையைக் காட்டும் சோதனை செய்தார்கள். 25 டெசிபலில் திரும்பினாள். நல்ல செய்திதான். ஆனால் ஸ்பீக்கர் ஒலி இரண்டு காதுக்கும் சேர்ந்துதான் போகிறது. கிடைக்கும் விடை இரண்டில் நன்றாக இருக்கும் காதுக்கு உரியது. அன்றே எடுத்த இம்பிடென்ஸில் இடது காதில் கொள்ளளவு எண் பெரிதாக இருந்தது. கிரோமெட்டின் துளை திறந்திருக்கிறது என்று பொருள். வலது காதில் மறுபடியும் தட்டைக் கோடு, சின்ன எண். டாக்டர் பார்த்தபோது வலது கிரோமெட் வெளியே வந்து குறும்பியோடு குழாயில் கிடந்தது, பின்னால் நீர் சேர்ந்திருந்தது. ஸ்பீக்கர் சோதனையோடு நின்றிருந்தால் "நார்மல்" என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். வலப்பக்கம் உட்கார்ந்து பேசும் ஆசிரியையின் சொற்களைக் கயல் பாதிதான் பிடித்துக்கொண்டிருந்திருப்பாள்.

இந்தச் சோதனைகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மற்றக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் ஒலிக்குத் திரும்பிப் பொம்மையைப் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு அது ஒரு வயதுக்கு அருகிலோ அதற்குப் பிறகோதான் கைகூடும். ஒலி கேட்டதும் அரை நொடியில் திரும்பாமல், கொஞ்சம் யோசித்துத் திரும்புவார்கள். அந்த இடைவெளிக்குக் காத்திராமல் அடுத்த ஒலிக்குப் போய்விடும் சோதகர், கேட்கும் காதையும் கேளாக் காது என்று எழுதிவிடுவார். முதல் நாள் சரியாக வரவில்லை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்பவர்தான் நல்ல ஆடியாலஜிஸ்ட். "ஒத்துழைக்கவில்லை" என்ற ஒற்றை வரியோடு ரிப்போர்ட்டை முடித்துக் கொடுத்தால், அதை ஒரு முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோதனை நடக்கவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். மறு தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள், அல்லது பெராவுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

கயலுக்கு நான்கரை வயதாகும்போது ஹெட்ஃபோன் மாட்ட அவளுக்குச் சம்மதம். வீட்டில் இரண்டு வாரம் பழைய ஹெட்ஃபோனை மாட்டி விளையாடிப் பழக்கியதன் பலன் அது. 'பீப்' சத்தம் கேட்டால் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட வேண்டும். அதையும் வீட்டில் மணி அடித்து விளையாடிப் பார்த்திருந்தார்கள். வலது காது 20, இடது காது 30. இடது இன்னும் தேறவில்லை. எனவே வருடக் கணக்குக்கு அவள் மாறவில்லை. அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து.

வீட்டில் செய்ய வேண்டியதைவிட, செய்யக் கூடாததுதான் அதிகம். எண்ணெய் காய்ச்சிக் காதில் விடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. குறுகிய குழாயில் அது குறும்பியோடு சேர்ந்து அடைப்பைத்தான் உண்டாக்கும். கிரோமெட் இருக்கும் காதில் நேரே நடுக்காதுக்கே போய்விடும். பட்ஸும் ஹேர்பின்னும் குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும். குளிப்பாட்டும்போது காதிலும் மூக்கிலும் வாயால் ஊதுவதையும் விட்டுவிடுங்கள். பாட்டிலில் பால் கொடுப்பதாக இருந்தால் குழந்தையைப் படுக்கவைத்துக் கொடுக்காமல், தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை கூடாது. காதிலிருந்து நாற்றமடிக்கும் ஒழுக்கு வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. செவிப்பறையின் தோல் உள்நோக்கி வளர்ந்து எலும்பை அரிக்கும் நோயின் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

தேதிக்கு முன்னால் போக வேண்டிய வேறு அடையாளங்களும் உண்டு. பெரிய சளி போய் ஒரு மாதம் ஆகியும் டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்வது, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் முன்னால் வந்து நின்றால்தான் பார்ப்பது, நேற்றுவரை சொன்ன வார்த்தைகளை இன்று விட்டுவிடுவது, சொன்ன பேச்சைக் கேட்காமல் பிடிவாதம் பிடிப்பது. கடைசியில் சொன்னதைப் பலர் அடமென்று எண்ணி அடித்துவிடுகிறார்கள். இந்தக் குழந்தைகள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்கள். நீங்கள் செருப்பை மாட்டினாலே வெளியே போகிறோம் என்று ஓடிவருவார்கள். அதனால் "சொன்னா புரியுதே" என்று நமக்குத் தோன்றும். சைகை, முகபாவம் எதுவும் இல்லாமல், பின்னால் நின்று மெல்லிய குரலில் சொல்லிப் பாருங்கள். தட்டைத் தட்டுவதைவிட இது நல்ல வீட்டுச் சோதனை. இதில் தேறினாலும் ஆடியாலஜிஸ்டின் தேதி தேதிதான்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டம், பிறந்ததிலிருந்து 18 வயதுவரை உள்ளவர்களுக்கானது. அதன் நோய்நிலைகளின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் இருக்கிறது, காது கேளாமையும் இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் குழந்தையைக் காட்டினால், மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதித் தருவார்கள். அங்கன்வாடியில் நடப்பது முதற்கட்டப் பார்வை மட்டுமே. அதில் 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் பெராவும் இம்பிடென்ஸும் வேண்டாம் என்று ஆகிவிடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இ.என்.டி. துறையில் பெரா கேட்டுப் பெறலாம்.

ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்ற சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். வலது எத்தனை டெசிபல், இடது எத்தனை, எந்தச் சோதனையில், காது சுத்தமாக இருந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, வலது, இடது, இம்பிடென்ஸ் கோட்டின் வடிவம், அடுத்த தேதி. டாக்டர் மாறினாலும் ஊர் மாறினாலும் நோட்டு கூடவே வரும்.

அந்த நோட்டு பள்ளிப் பருவத்தோடு முடிவதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு முதுமையில் வரும் காது மந்தம் மற்றவர்களைவிடப் பல பத்தாண்டுகள் முன்னதாக, இருபது முப்பது வயதுகளிலேயே தொடங்கிவிடலாம். உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். இருபத்தைந்து வயது இளைஞர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, கூப்பிட்டால் வராமல், தனியே உட்காரத் தொடங்கினால் மனச்சோர்வு என்றோ மறதி நோயின் தொடக்கம் என்றோ நினைக்கத் தோன்றும். இரண்டும் இருக்கக்கூடியவைதான். ஆனால் அந்த மருந்துகளைத் தொடங்கும் முன், ஒரு நாள் மைக்ராஸ்கோப்பில் காதைச் சுத்தம் செய்து, ஹெட்ஃபோன் மாட்டி, வலது எத்தனை, இடது எத்தனை என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.